ஹட்டன் கடைச் சுவரில் இருந்த எழுத்து

என்னிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர் இன்று ஹட்டனில் தன் மூத்தவாப்பாவின் சாப்பாட்டுக் கடையை நடத்துகிறார். சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் வீட்டுக்கு வந்தவர், கைத்தொலைபேசியை நீட்டி, "சேர், இதில என்ன எழுதி இரிக்கின்டு பாத்துச் சொல்லுங்க" என்றார். அது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போனால் எடுத்த படம். அறுபதுகளின் தொடக்கத்தில் எடுத்தது. காசுப் பெட்டிக்குப் பின்னால் மூத்தவாப்பா தொப்பியோடு நிற்கிறார். அவருடைய தலைக்கு மேலே, சுவரில், ஒரு சுவரொட்டியின் மேல்பாதி தெரிகிறது. கீழ்ப்பாதியை அலுமாரியும் அவருடைய தோளும் மறைத்துவிட்டன. தெரிகின்ற பகுதியில் வலமிருந்து இடமாக வழிந்து இறங்கும் பெரிய எழுத்துகள்.

அந்த எழுத்துக்கு அந்த வீட்டில் ஒரு வரலாறு இருந்தது. மூத்தவாப்பா மெட்ராஸுக்குப் போய் வந்தபோது சுருட்டிக் கொண்டு வந்து ஒட்டியது என்பது வீட்டுப் பேச்சு. அவர் மௌத்தான பிறகு, மத்ரஸாவில் ஓதிக் கொடுத்த ஒரு பெரியவர் அதைப் பார்த்து, "இது முஅல்லா, அஃழம் என்று இருக்கிறது; இஸ்முல் அஃழம் சம்பந்தப்பட்டது" என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் அதில் மனித உருவம் இருக்கலாமா? எனவே எழுத்து இருந்த பட்டையை மட்டும் கத்தரித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். வுழூ இல்லாமல் அதை யாரும் துடைப்பதில்லையாம்.

2019 ஏப்ரல் 21 வந்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிந்திய வாரங்களில் முஸ்லிம் வீடுகள் எப்படித் தேடப்பட்டன என்பதை மலையகத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டாருக்கே சொல்லத் தெரியாத ஒரு அரபு எழுத்தை வைத்துக்கொண்டு, வாசலில் நிற்பவருக்கு என்ன விளக்கம் கொடுப்பது? ஒரு இரவில் சட்டத்தைக் கழற்றி, தாளை அடுப்பில் போட்டார்கள். "உம்மம்மா இஸ்திக்ஃபார் சொல்லிச் சொல்லி அழுதாங்க சேர். ஆயத்தை எரிச்சிட்டோமே என்டு இன்னமும் மனசுக்குள்ள இரிக்கி" என்றார். மிஞ்சியது அந்தக் கடைப் படம் மட்டும்தான்.

அதை வாசித்துவிட முடியும் என்பதையும், அது என்ன என்பதையும், நம்மில் அரபு எழுத்துத் தெரிந்தவர்கள்கூட அதை ஏன் தவறாக வாசிக்கிறோம் என்பதையும் சொல்வதற்காகவே இக்கட்டுரை.

நாம் கற்ற எழுத்தும் நாம் கல்லாத எழுத்தும்

நமது பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவில் கற்பது நஸ்க் என்னும் எழுத்துமுறை. அதில் எழுத்துகள் ஒரே கோட்டின் மேல் வரிசையாக உட்காரும். ஸபர், ஸேர், பேஷ் எல்லாம் போட்டிருக்கும். எனவே எழுத்துக்கூட்டி ஓதலாம். அலிஃபுக்கு ஸபர் என்றால் 'அ' என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சேர்த்தால் சொல் வந்துவிடும். நமது முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழும் இப்படித்தான். தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டிக்கொண்டார்கள். ஆனால் எழுத்தின் நடை நஸ்க்தான். உயிர்க்குறிகளையும் விடாமல் போட்டார்கள். இலங்கையிலும் கீழக்கரை, காயல்பட்டினத்திலும் அச்சான அரபுத்தமிழ் நூல்களை இன்றும் நாம் தட்டுத்தடுமாறியாவது ஓதிவிடுவது அதனால்தான்.

உருதுவின் வழக்கமான எழுத்துமுறை வேறு. அதற்கு நஸ்தஅலீக் என்று பெயர். நஸ்க், தஅலீக் என்ற இரண்டு முறைகள் கலந்து ஈரானில் உருவானது. அதற்கு ஒழுங்கு கொடுத்தவராகப் பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த மீர் அலீ தப்ரேஸியைச் சொல்வார்கள். பாரசீகக் கவிதை எழுதப் பிறந்த இவ்வெழுத்து முகலாயர் அரண்மனையில் செழித்தது. அக்பர் இதை மிக விரும்பினார் என்று அபுல் ஃபஸல் 'ஆயினே அக்பரி'யில் எழுதுகிறார். காஷ்மீரைச் சேர்ந்த முஹம்மத் ஹுஸைன் என்ற எழுத்துக் கலைஞருக்கு அந்த அரசவையில் 'ஸர்ரீன் கலம்', அதாவது பொன் எழுதுகோல், என்ற பட்டம் கிடைத்தது. அந்த அரசவை எழுத்து பின்னர் உருதுவின் எழுத்தாகி, பத்திரிகைக்கும் கடைப் பலகைக்கும் சினிமாச் சுவரொட்டிக்கும் இறங்கி வந்தது.

நஸ்க்கில் பழகிய கண்ணை நஸ்தஅலீக் மூன்று இடங்களில் ஏமாற்றும்.

முதலாவது, கோடு. நஸ்தஅலீக்கில் எழுத்துகள் ஒரே கோட்டில் உட்காருவதில்லை. ஒன்றோடொன்று சேர்ந்த எழுத்துகள் ஒரு கூட்டாக நிற்கும். அந்தக் கூட்டின் முதல் எழுத்து வலப்பக்கம் உயரத்தில் தொடங்கும். அடுத்தடுத்த எழுத்துகள் இடப்பக்கமாகச் சரிந்து இறங்கி, கடைசி எழுத்து மட்டுமே கோட்டில் வந்து அமரும். நம்முடைய மலைப் பாதையில் பஸ் இறங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டு மறுபடி உயரத்தில் தொடங்கும். சில வேளை முந்திய கூட்டின் வாலுக்கு மேலேயே அது ஏறி நிற்கும். ஆகவே மேலே இருப்பது மேல் வரி, கீழே இருப்பது கீழ் வரி என்று எண்ணினால் தொடக்கத்திலேயே வழி தவறிவிடும்.

இரண்டாவது, வடிவம். ஒரு எழுத்து தனக்கு அடுத்து எது வருகிறது என்பதைப் பார்த்துத் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும். மீம் ஓரிடத்தில் சிறு உருண்டை. இன்னோரிடத்தில் ஒரு வளைவின் தடிப்பு மட்டும். அந்த வடிவத்தை அக்கம்பக்கத்திலிருந்து பிரித்து எடுத்தால் அதை மீம் என்று எவராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது, விடுபடுவது. உருதுவில் ஸபர், ஸேர், பேஷ் பெரும்பாலும் எழுதுவதில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளியும் நம்பத்தக்கதாக இருக்காது. படிப்பவருக்குச் சொல் முன்பே தெரியும் என்று நம்பி எழுதப்படும் எழுத்து அது.

எனவே நஸ்தஅலீக்கை எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாமல் போவது நமது மத்ரஸாப் படிப்பின் குறை அல்ல. அங்கே வாசிக்க வேண்டிய அலகு எழுத்து அல்ல, கூட்டு.

அச்சு இயந்திரமும் தடுமாறிய எழுத்து

இது என் சொந்தக் கருத்து என்று யாரும் நினைக்க வேண்டாம். அச்சின் வரலாறு இதற்குச் சாட்சி. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அடுக்கும் முறை நஸ்க்குக்குப் பொருந்தியது. கல்கத்தாவின் ஃபோர்ட் வில்லியம் கல்லூரிக் காலத்திலேயே உருது நூல்கள் அச்செழுத்தில் வந்தன. ஆனாலும் உருது வாசகர்கள் அதில் ஒட்டவில்லை. சரிந்து இறங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறும் எழுத்தைச் சதுர ஈயக் கட்டைகளில் அடுக்குவது எப்படி? கல்லச்சு வந்ததும் உருது உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. காத்திபு என்னும் எழுத்தர் பசை மையால் தாளில் எழுதுவார். அதைக் கல்லின் மேல் மாற்றி அச்சிடுவார்கள். எழுத்து கையெழுத்தாகவே இருக்கும். படி மட்டும் ஆயிரக்கணக்கில் பெருகும். நம் நாட்டிலும் இதற்கு ஒரு உறவுக் கதை உண்டு. மலாய் மொழியின் முதல் பத்திரிகை எனப்படும் 'ஆலாமத் லங்காபுரி' 1869இல் கொழும்பில் அரபு எழுத்தில் கல்லச்சில்தான் வந்தது.

மெட்ராஸ் திருவல்லிக்கேணியிலிருந்து 1927 முதல் வரும் 'முஸல்மான்' என்ற உருது நாளிதழை அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கலாம். கல்லச்சுக் காலம் முடிந்து ஓஃப்செட் வந்த பிறகும், பல பத்தாண்டுகளாக அதன் நான்கு பக்கங்களையும் காத்திபுகள் நாணல் பேனாவால் கையாலேயே எழுதினார்கள். எழுதிய பக்கத்தைப் படம் பிடித்து, அந்தப் பிலிமிலிருந்து தகடு செய்து அச்சிட்டார்கள். கடைசி நேரச் செய்திக்காக முதல் பக்கத்தில் ஒரு மூலையை வெறுமையாக விட்டு வைப்பார்களாம்.

இந்தச் சிக்கலைக் கணினியில் அவிழ்த்தவர் கராச்சியைச் சேர்ந்த மிர்ஸா அஹ்மத் ஜமீல். அவர் எழுத்துகளை வரைந்து கொடுக்கவில்லை. கூட்டுகளையே வரைந்தார். உருதுவில் வரக்கூடிய எழுத்துக் கூட்டுகளைத் தொகுத்து, ஒவ்வொன்றையும் முழு உருவாக எழுதி, மோனோடைப் நிறுவனத்தின் இயந்திரத்துக்குக் கொடுத்தார். பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டுகள்! 1981இல் 'நூரி நஸ்தஅலீக்' என்ற பெயரில் அது வந்தபோது கராச்சியின் 'ஜங்' நாளிதழ் அதை ஏற்றுக்கொண்டது. நாற்பதுக்குள் அடங்கும் எழுத்துகளை எழுதுவதற்குப் பதினெட்டாயிரம் உருவங்கள் தேவைப்பட்டன என்றால், எழுத்தெழுத்தாகப் பார்த்து நாம் ஏன் தோற்கிறோம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

கடைப் படத்தை வாசித்த விதம்

இப்போது அந்தப் படத்துக்கு வருவோம். நான் உருது ஆலிம் அல்ல. அகராதியோடும் பழைய 'முஸல்மான்' தாள்களோடும் உட்கார்ந்து கற்ற அளவுதான். அந்த அளவுக்கே இது போதுமானதாக இருந்தது.

முதலில் படம் திரும்பிப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ஸ்டூடியோக்களில் நெகட்டிவைப் பிறழ வைத்துப் பிரதி எடுப்பதுண்டு. போனில் எடுக்கும்போதும் சில வேளை கண்ணாடிப் படமாகிவிடும். நஸ்தஅலீக்கில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. சரிவு எப்போதும் வலது உயரத்திலிருந்து இடது பள்ளத்துக்கு. இடமிருந்து வலமாக இறங்கினால் படம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். மூத்தவாப்பாவின் படத்தில் சரிவு சரியாகவே இருந்தது. சட்டைப் பையும் இடது மார்பில்தான் இருந்தது.

இரண்டாவதாக, புள்ளிகளை மறந்துவிட்டு உடல்களை மட்டும் பார்த்தேன். அலிஃப், தால், றே, வாவ் போன்ற சில எழுத்துகள் தமக்கு இடப்பக்கம் வரும் எழுத்தோடு சேர்வதில்லை. அங்கே கூட்டு முறியும். அந்த முறிவுகளைத் தேடினால் படத்தில் இருப்பது மூன்றே துண்டுகள். வலது ஓரத்தில் ஒரு கூட்டு. அடுத்துத் தனியே நிற்கும் ஒரு செங்கோடு. அதற்கும் இடப்பக்கம் இன்னொரு கூட்டு. செங்கோடு அலிஃப் என்பதில் ஐயமில்லை.

மூன்றாவதாக, ஒவ்வொரு கூட்டையும் பின்னாலிருந்து வாசித்தேன். நஸ்தஅலீக்கில் கூட்டின் கடைசி எழுத்துத்தான் தன் முழு உருவத்தோடு இருக்கும். ஆகவே அதைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் மேலே ஏற வேண்டும். வலது ஓரக் கூட்டின் கடைசியில் உயர்ந்த கோடும் அதன் அடியில் கிண்ணம் போன்ற வளைவும். அது லாம். அதற்கு முன்னால் ஒரு சிறு முடிச்சு. நடுவில் வரும் ஐன் அல்லது கைன். அதற்கும் முன்னால் ஒரு சிறிய உருண்டைத் தொடக்கம்; மீம். இடது ஓரக் கூட்டின் கடைசியில் சிறு தலையும் கீழே தொங்கும் வாலும், மீம். அதற்கு முன்னால் முட்டை போன்ற வளையமும் அதன்மேல் ஒரு தண்டும். அது புள்ளி இருந்தால் ழா, இல்லாவிட்டால் தடித்த தா. தொடக்கத்தில் வாய் திறந்த வளைவு, ஐன்.

நான்காவதாகத்தான் புள்ளிகள். இங்கேதான் பழைய படங்கள் நம்மை ஏமாற்றும். தாளில் ஈ உட்கார்ந்த கறை புள்ளியாகத் தெரியும். வெளிச்சம் பட்டு மினுங்கிய இடத்தில் உண்மையான புள்ளி அழிந்து போகும். போதாததற்கு, சுவரொட்டி வரைபவர் அழகுக்காகப் புள்ளியை அதன் எழுத்திலிருந்து கொஞ்சம் தள்ளியும் வைப்பார். கடைப் படத்தில் இரண்டு கரும்புள்ளிகள் தெரிந்தன. ஒன்று வளையத்தின் மேல். அது ழாவுக்கு உரியது. மற்றது அலிஃபின் தலைக்கு மேல். அலிஃபுக்குப் புள்ளி ஏது? பெரிதாக்கிப் பார்த்தபோது அதற்குக் கீழே ஒரு சிறு நிழல் விழுந்திருந்தது. தாளில் எழுதிய புள்ளிக்கு நிழல் விழாது. அது ஆணி. பின்னர் முதல் கூட்டின் முடிச்சுக்கு மேலே, பெற்றோல்மாக்ஸ் வெளிச்சம் பட்டு வெளிறிய இடத்தில், சாய்சதுரமாக ஒரு மெல்லிய சாம்பல் தடம் இருப்பதைக் கண்டேன். நாணல் பேனாவின் வெட்டு வாய் புள்ளியைச் சாய்சதுரமாகத்தான் வைக்கும். தூரிகையால் வரையும் ஓவியரும் அதே வடிவத்தைப் பின்பற்றுவார். ஈக் கறை உருண்டையாக இருக்கும். எனவே அது புள்ளிதான். முடிச்சு ஐன் அல்ல, கைன்.

மீம், கைன், லாம். அலிஃப். ஐன், ழா, மீம்.

முகல். அஃழம்.

மத்ரஸாப் பெரியவர் எப்படி 'முஅல்லா அஃழம்' என்று வாசித்தார் என்பதும் இப்போது விளங்கியது. தாள் பழுத்து அந்த ஒரு புள்ளி அவருடைய கண்ணுக்கும் தப்பியிருக்க வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் கைன் ஐனாகிவிடும். மீம், ஐன், லாம் என்றால் ஜன்னத்துல் முஅல்லாவின் 'முஅல்லா' ஹஜ்ஜுக்குப் போய் வந்த எவருக்கும் நினைவுக்கு வரும். அடுத்த சொல் அஃழம், அப்பட்டமான அரபுச் சொல். 'மகத்தானது' என்று பொருள். அவர் பிழையாக ஓதவில்லை. தாம் கற்ற அரபின் வழியே நேர்மையாக வாசித்தார். ஆனால் அது அரபு அல்ல, உருது. அதற்கு அகராதி வேறு.

உருதுவில் இந்த இரண்டு சொல்லுக்கும் இடையே எழுதாத ஒரு ஒலி இருக்கிறது. பாரசீகத்திலிருந்து வந்த 'இளாஃபத்' என்ற சேர்ப்பு ஒலி. லாமுக்குக் கீழே ஒரு சிறு ஸேர் போட்டு அதைக் காட்டலாம். சுவரொட்டிகளில் பெரும்பாலும் போட மாட்டார்கள். அதைச் சேர்த்துச் சொன்னால்: முகலே ஆஸம். மகத்தான முகலாயர்.

கே. ஆஸிஃபின் 'முகலே ஆஸம்'! 1960 ஆகஸ்ட் 5ஆம் திகதி வெளியான படம். பிரித்விராஜ் கபூர் அக்பராகவும், திலீப்குமார் சலீமாகவும், மதுபாலா அனார்கலியாகவும் நடித்தது. இசை நௌஷாத், பாடல் ஷகீல் பதாயூனி. 1961இல் 'அக்பர்' என்ற பெயரில் தமிழிலும் மொழிமாற்றி வெளியிட்டார்கள்.

ஐந்தாவது வேலை, சோதித்துப் பார்ப்பது. ஒரு வாசிப்பு பொருந்துகிறது என்பதற்காக அதை நம்பிவிடக் கூடாது. பெரியவரின் வாசிப்பும் பொருந்தத்தானே செய்தது? அக்காலத்து இந்திப் படச் சுவரொட்டிகளில் பெயரை நாகரி, உருது, ஆங்கிலம் என மூன்று எழுத்திலும் போடும் வழக்கம் இருந்தது. கடைப் படத்தில் அலுமாரியின் விளிம்புக்கு மேலே நாகரி எழுத்தின் தலைக்கோடு ஒரு விரற்கடை தெரிகிறது. குர்ஆன் வசனத்துக்கோ இஸ்முக்கோ பக்கத்தில் நாகரி எழுத்துக்கு என்ன வேலை? மூத்தவாப்பாவின் தோளுக்கு மேலே தெரிவதைப் பூவேலைப்பாடு என்று வீட்டார் நினைத்திருந்தார்கள். அது ஒரு தலைப்பாகையின் இறகு. பின்னர் அப்படத்தின் பெயரை உருதுவில் தெளிவாக எழுதிய வேறொரு சுவரொட்டிப் பிரதியோடு ஒப்பிட்டேன். மூன்று துண்டுகள், மேலே இரண்டு புள்ளிகள், கீழே ஒன்றுமில்லை. கணக்கு ஒத்துவந்தது.

எப்படி வந்தது அங்கே?

சினிமாச் சுவரொட்டி ஹட்டன் சாப்பாட்டுக் கடைக்கு வந்தது விந்தையல்ல. ரயில் பாதை 1884இல் ஹட்டனை எட்டிய பிறகு தோட்டங்களை நம்பிய கடைத்தெருக்கள் வளர்ந்தன. அவற்றில் தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகளும் இருந்தார்கள். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அந்தப் போட் மெயில்தான் மலையகத்துக்கும் மெட்ராஸுக்கும் நடுவே ஆளையும் சாமானையும் சேதியையும் ஏற்றி இறக்கியது. காதுக்கோ இலங்கை வானொலி இருந்தது. அதன் இந்தி ஒலிபரப்பை இந்தியாவே விழித்திருந்து கேட்ட காலம் அது. அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' 1952 முதல் இங்கிருந்துதான் ஒலித்தது. கடையில் ரேடியோ பாட, பாட்டின் படம் சுவரில் இருந்திருக்கிறது. மூத்தவாப்பா வாடிக்கையாளர் பார்த்து மகிழ ஒட்டிய சுவரொட்டி, அவருக்குப் பின் வந்தவர்கள் கையில் புனிதப் பொருளானது. படத்தைக் கத்தரித்து எழுத்தை மட்டும் வைத்த அன்று, அது என்ன என்று சொல்லும் சாட்சிகள் எல்லாம் கத்தரிக்கப்பட்டுவிட்டன.

வாசிக்காமல் முத்தமிடுவதும் எரிப்பதும்

இதை ஒரு வேடிக்கைக் கதையாக விட்டுவிடலாம். ஆனால் 2019ஐ நினைத்தால் சிரிப்பு வரவில்லை. அந்த மே மாதம் ஹசலக்கயில் ஒரு முஸ்லிம் பெண், தன் உடையில் அச்சாகியிருந்த கப்பல் சுக்கானைத் தர்மசக்கரம் என்று எவரோ எண்ணியதால் கைதாகி விளக்கமறியலில் இருந்தார். பார்த்தவர்கள் பார்த்தார்கள்; வாசிக்கவில்லை.

மற்றவர்களை மட்டும் சொல்லி முடித்துவிடவும் கூடாது. 2024 பெப்ரவரியில் லாகூரின் இச்ரா கடைத்தெருவில் ஒரு பெண்ணைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. அவருடைய உடையில் குர்ஆன் வசனம் இருக்கிறது என்று கூச்சல். உண்மையில் அலங்கார எழுத்தில் இருந்தது 'ஹல்வா', அதாவது இனிமை, அழகு என்னும் அரபுச் சொல். ஒரு பெண் பொலிஸ் அதிகாரி துணிந்து உள்ளே போய் அவரை மீட்டார். கூட்டத்தில் இருந்தவர்கள் நாள்தோறும் உருதுப் பத்திரிகை படிப்பவர்கள்! நஸ்தஅலீக்கில் பழகிய கண் அங்கே அரபு அலங்கார எழுத்தில் தடுமாறியது. நஸ்க்கில் பழகிய கண் ஹட்டனில் நஸ்தஅலீக்கில் தடுமாறியது. இரண்டிடத்திலும் தெரியாத எழுத்தைப் புனிதம் என்றே முடிவு கட்டினார்கள். அந்த முடிவு லாகூரில் கோபமானது. நம் வீட்டில் முதலில் பக்தியானது, பிறகு பயமானது.

எரிந்தது ஒரு சினிமாத் தாள்தான் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அதே பயத்தில், அதே வாரங்களில், வாசிக்கத் தெரியாத காரணத்தால் மட்டும் அடுப்புக்கும் ஆற்றுக்கும் போன தாள்கள் எத்தனை வீடுகளில் இருந்தன? அரபுத்தமிழ்க் கிதாபுகள், பழைய கணக்குப் புத்தகங்கள், கடல் கடந்து வந்த கடிதங்கள் எல்லாவற்றுக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே எழுத்துத்தான். எனவே ஒரு வேண்டுகோள். வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால், முதலில் படம் எடுங்கள். பகல் வெளிச்சத்தில், நேர் எதிரே நின்று, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஓரங்களும் பின்பக்கமும் சேர. எழுத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். சுற்றியிருப்பதுதான் எழுத்தை விளக்கும். பிறகு தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஒருவர் சொன்னது போதாது. அரபு தெரிந்தவரிடமும் உருது தெரிந்தவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.

மாணவரிடம் விஷயத்தைச் சொன்னபோது முதலில் பெரிதாகச் சிரித்தார். "மூத்தவாப்பா மதுபாலா ரசிகரா சேர்?" பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப உம்மம்மா ஆயத்தை எரிக்கல்ல" என்றார்.

"இல்லை தம்பி. எரிக்கல்ல."

அன்று அஸருக்குப் பிறகு நேரே உம்மம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தை இப்போது பெரிதாக்கிக் கடையில் மாட்டியிருக்கிறார்கள். மூத்தவாப்பாவின் பெயரும், அதற்குக் கீழே 'பின்னால் தெரிவது: முகலே ஆஸம், இந்திப் படச் சுவரொட்டி' என்ற வரியும், தமிழிலும் சிங்களத்திலும் இருக்கின்றன.